வைஃபை காலிங் போட்டா ஐஎஸ்டி ஃப்ரீயா? துபாய்ல இருக்கிற அண்ணன்கிட்ட பேசி நான் கட்டிய 864 ரூபாய்

இந்த வாரம் முதலீடு, டாக்ஸ் எதுவும் இல்லை. ஒரு போன் பில் பற்றி மட்டும் பேசலாம். சின்ன தொகைதான். ஆனா வெளிநாட்டுல அண்ணனோ, அக்காவோ, அப்பாவோ இருக்கிற வீட்டுல இது மாசாமாசம் ஓடுற செலவு. அதோட, தப்பான வழியைப் பிடிச்சா காசு போறது மட்டும் இல்லை, வேண்டிய நேரத்துல போனும் போகாது. ரெண்டும் எங்க வீட்டுல நடந்தது.

எங்க குடும்பம் மூணு இடத்துல இருக்கு. நான் சென்னையில, போஸ்ட்பெய்டு சிம். அம்மா அப்பா பரமக்குடியில. அம்மாகிட்ட ஸ்மார்ட்போன், ப்ரீபெய்டு. அப்பாகிட்ட பட்டன் போன். அதை மாத்த மாட்டேன்னு பிடிவாதம். அண்ணன் துபாய்ல ஏசி மெயின்டனன்ஸ் வேலை. அல் கூஸ் பக்கம் ஆறு பேர் தங்குற ரூம், ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே வைஃபை.

போன வருஷம் வீட்டுல பிராட்பேண்ட் போட்டதும் என் போன்ல ஒரு விஷயம் மாறுச்சு. சிக்னல் பக்கத்துல சின்னதா வைஃபை காலிங் அடையாளம் வந்துச்சு. எங்க ஃபிளாட் உள்பக்கம், டவர் சரியா எடுக்காது. அதனால இது நல்ல விஷயமா இருந்துச்சு. நான் என்ன நினைச்சேன்னா, "கால் வைஃபைலதானே போகுது, பிராட்பேண்டுக்குத்தான் மாசம் காசு கட்டுறோமே, அப்புறம் எதுக்கு தனியா சார்ஜ்?" அந்த நம்பிக்கையில அண்ணனோட +971 நம்பருக்கு நேரா டயல் பண்ணி மூணு தடவை பேசினேன். 24 நிமிஷம், 19 நிமிஷம், 18 நிமிஷம். மொத்தம் 61.

பில் வந்தது. நிமிஷத்துக்கு 12 ரூபாய், ஆக 732. அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 131.76. மொத்தம் 863 ரூபாய் 76 காசு. கஸ்டமர் கேருக்கு போன் போட்டு "நான் வைஃபைல பேசினேங்க" என்றேன். அந்தப் பக்கம் இருந்தவர் ரொம்ப பொறுமையா, "ஆமா சார், வைஃபைல இருந்து ஐஎஸ்டி பண்ணியிருக்கீங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். தப்பு என் பக்கம்தான்.

வைஃபை காலிங் உண்மையில என்ன பண்ணுது?

சாதாரணமா நாம டயல் பண்ணினா, போன் பக்கத்துல இருக்கிற டவரைப் பிடிச்சு, அது வழியா ஆபரேட்டரோட நெட்வொர்க்குக்குள்ள போகும். வைஃபை காலிங்ல டவருக்குப் பதிலா உங்க வீட்டு வைஃபை. போன், இன்டர்நெட் வழியா ஆபரேட்டரோட சர்வர் வரைக்கும் பாதுகாப்பான ஒரு சுரங்கப்பாதை மாதிரி போட்டுக்கும். அந்த சர்வரைத் தொட்டதுக்கு அப்புறம் அது சாதாரண கால்தான். அங்கிருந்து வெளிநாட்டு ஆபரேட்டருக்குப் போறது, நிமிஷம் எண்ணுறது, பில் போடுறது, எதுவும் மாறாது.

பஸ்ல முன்படியில ஏறினாலும் பின்படியில ஏறினாலும் டிக்கெட் ஒண்ணுதான், இல்லையா? வைஃபை காலிங் என்பது பின்படி. அவ்வளவுதான்.

இந்தியாவுல ஏர்டெல் 2019 டிசம்பரிலும், ஜியோ 2020 ஜனவரியிலும் இதைக் கொண்டு வந்தாங்க. உள்ளூர் கால், எஸ்டிடி கால் எல்லாம் நம்ம பிளான்ல ஏற்கனவே அன்லிமிடெட் என்பதால வைஃபை காலிங்ல பேசினா தனியா ஒண்ணும் கட்ட வேண்டியதில்லை. அதனாலதான் "வைஃபை காலிங் ஃப்ரீ"ன்னு நமக்கு மனசுல பதிஞ்சு போச்சு. ஃப்ரீயா இருந்தது வைஃபை இல்லை, நம்ம பிளான். அந்த பிளான்ல ஐஎஸ்டி இல்லை.

ஒரு கால் எந்த வகைன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? போனோட சொந்த டயலர்ல நம்பரை அடிச்சுக் கூப்பிட்டா, அது ஆபரேட்டர் கால். வைஃபை அடையாளம் இருந்தாலும் சரி, இல்லைன்னாலும் சரி. ஒரு ஆப்பைத் திறந்து அதுக்குள்ள இருந்து கூப்பிட்டா அது ஆப் கால். சந்தேகம் இருந்தா ஃப்ளைட் மோடு போட்டு, வைஃபையை மட்டும் ஆன் பண்ணி, டயலர்ல ஒரு ஃப்ரெண்டுக்கு கூப்பிட்டுப் பாருங்க. கால் போச்சுன்னா அதுதான் வைஃபை காலிங். +971 மாதிரி வெளிநாட்டு நம்பருக்கு அதே மாதிரி போச்சுன்னா, உங்க மீட்டர் ஓடிக்கிட்டு இருக்கு.

இதுல ஒரு எதிர் உதாரணமும் இருக்கு. என் சித்தப்பா பொண்ணு அமெரிக்காவுல வேலை பார்க்கிறா. லீவுக்கு சென்னை வந்தப்ப அவளோட அமெரிக்க சிம்மைக் கழட்டவே இல்லை. எங்க வீட்டு வைஃபைல இருந்து அங்க இருக்கிற ஆபீஸ் நம்பருக்கும், பேங்குக்கும் மணிக்கணக்கா பேசினா. அவளுக்கு ஒரு பைசா கூடுதல் இல்லை. அங்க டி-மொபைல், ஏடி அண்ட் டி, வெரைசான் மூணுமே உலகத்துல எங்கிருந்து வைஃபை காலிங்ல பேசினாலும் அமெரிக்க நம்பருக்குப் போற காலை உள்நாட்டு காலாத்தான் எடுத்துக்கிறாங்க. அவ உட்கார்ந்திருந்தது வேளச்சேரியில, ஆனா அவளோட சிம்முக்கு அது அமெரிக்கா டு அமெரிக்கா. அதே சிம்ல அடுத்த தெருவுல இருக்கிற எங்க அத்தை நம்பருக்கு டயல் பண்ணியிருந்தா அது இன்டர்நேஷனல் கால், காசு போயிருக்கும்.

ஆக பார்க்க வேண்டியது ரெண்டே விஷயம்: சிம் எந்த நாட்டுது, டயல் பண்ற நம்பர் எந்த நாட்டுது. நீங்க எங்க உட்கார்ந்திருக்கீங்க என்பது வைஃபை காலிங்ல பெரும்பாலும் மூணாவதுதான். பெரும்பாலும்னு ஏன் சொல்றேன்னா, இந்திய சிம்மோட வெளிநாடு போறவங்களுக்கு அங்கிருந்து வைஃபை காலிங் வேலை செய்யுமா, என்ன ரேட் என்பதை அவங்கவங்க ஆபரேட்டரோட ரோமிங் விதிதான் முடிவு பண்ணும். பேங்க் ஓடிபிக்காக இந்திய சிம்மை எடுத்துட்டுப் போறவங்க கிளம்புறதுக்கு முன்னாடியே அதைக் கேட்டு வெச்சுக்கணும்.

துபாய்க்கு மட்டும் ஏன் இவ்வளவு விலை?

பில் வந்த கோபத்துல ஐஎஸ்டி பேக் விலையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஜியோ 2024 அக்டோபரில் புதுசா வெளியிட்ட பட்டியல்ல, அமெரிக்கா, கனடாவுக்கு 39 ரூபாய்க்கு 30 நிமிஷம். யுஏஇ, சவுதி, குவைத், பஹ்ரைனுக்கு 99 ரூபாய்க்கு 10 நிமிஷம். ரெண்டுக்கும் 7 நாள் வேலிடிட்டி. நிமிஷக் கணக்குல போட்டா அமெரிக்காவுக்கு 1 ரூபாய் 30 காசு, துபாய்க்கு 9 ரூபாய் 90 காசு. சென்னையில இருந்து நாலு மணி நேர ஃப்ளைட்ல போற ஊருக்கு, உலகத்தோட மறுபக்கத்துல இருக்கிற ஊரை விட ஏழு மடங்குக்கு மேல!

காரணம் தூரம் இல்லை. ஒரு கால் எந்த நாட்டுல போய் முடியுதோ, அந்த நாட்டு ஆபரேட்டர் "என் நெட்வொர்க்ல உன் காலைக் கொண்டு போய் சேர்த்தேன்"ன்னு நிமிஷத்துக்கு ஒரு கட்டணம் வாங்குவார். இதை டெர்மினேஷன் சார்ஜ்னு சொல்வாங்க. வளைகுடா நாடுகள்ல இது அதிகம். அமெரிக்காவுல ரொம்பக் குறைவு. இந்தியாவுல? வெளிநாட்டுல இருந்து இங்க வர்ற காலுக்கு டிராய் 2020 மே மாசத்துல இருந்து நிமிஷத்துக்கு 35 முதல் 65 பைசாவுக்குள்ளன்னு வரம்பு வெச்சிருக்கு.

இந்த ஒரு விஷயம் புரிஞ்சா பாதி செலவு தானா குறையும். நாம துபாய்க்குக் கூப்பிட்டா அங்க இருக்கிற அதிகக் கட்டணத்தை நாம கட்டுறோம். துபாய்ல இருந்து நம்மைக் கூப்பிட்டா இங்க இருக்கிற பைசாக் கணக்குதான் அடிப்படை. அதுக்கு மேல அங்க இருக்கிற ஆபரேட்டர் என்ன விலை வைக்கிறார் என்பது வேற கதை. ஆனா அடிமட்ட விலை குறைவு என்பதால மலிவான வழி ஏதாவது ஒண்ணு அந்தப் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். என் சித்தப்பா பொண்ணு கூகுள் வாய்ஸ்ல இருந்து பரமக்குடிக்கு பேசுறா, நிமிஷத்துக்கு 1 சென்ட். அப்பாவோட பட்டன் போனுக்கே நேரா ரிங் போகும். அதே சேவையை அண்ணன் துபாய்ல எடுக்க முடியாது, அது அமெரிக்காவுல இருக்கிறவங்களுக்கானது. ஆக, "யார் யாரைக் கூப்பிடணும்" என்பதுதான் முதல்ல போட வேண்டிய கணக்கு. அந்தக் காலத்துல மிஸ்டு கால் கொடுத்துட்டு உட்கார்ந்திருப்போமே, அதுல இருந்த பொருளாதாரம் இதுதான்.

ஆப் கால்: மலிவுதான், ஆனா துபாய்ல ஒரு சிக்கல்

நீங்க கேட்பீங்க, "இவ்வளவு எதுக்குங்க, வாட்ஸ்அப்ல பேச வேண்டியதுதானே?" அமெரிக்கா, சிங்கப்பூர், லண்டன்னா நானும் அதையேதான் சொல்வேன். ஆப் கால்ல ஆபரேட்டர் நிமிஷம் எண்ண மாட்டார், டெர்மினேஷன் சார்ஜ் கிடையாது. ரெண்டு பக்கமும் இன்டர்நெட் இருந்தா போதும்.

டேட்டா எவ்வளவு போகும்னு பயப்படுறவங்க வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல Storage and data, அதுக்குள்ள Network usage போய்ப் பாருங்க. கால்ஸுக்கு எவ்வளவு போச்சுன்னு தனியா காட்டும். ஒரு கால் பேசறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பேசின பிறகு ஒரு தடவை பார்த்துக் கழிச்சா உங்க கணக்கு வந்துடும். நான் பார்த்த வரைக்கும் வாய்ஸ் கால் ஒரு மணி நேரத்துக்கு 30 எம்பி சுத்தி வருது. தினம் 1.5 ஜிபி பிளான்ல அது 2 சதவீதம். அம்மா மொபைல் டேட்டாவுல பேசினாலும் ஒண்ணும் ஆகாது. வீடியோ கால் அப்படி இல்லை, பல மடங்கு இழுக்கும். நெட் வீக்கா இருக்கிற ஊர்ல Use less data for calls என்ற ஆப்ஷனை ஆன் பண்ணி வெச்சா கொஞ்சம் தாக்குப் பிடிக்கும்.

துபாய்ல என்ன சிக்கல்னா, அந்த நாட்டு நெட்வொர்க்ல வாட்ஸ்அப் மெசேஜ் போகும், வாய்ஸ் நோட் போகும், ஆனா வாட்ஸ்அப் வாய்ஸ் காலும் வீடியோ காலும் போகாது. அங்க இன்டர்நெட் வழியா பேசுற சேவைக்கு தொலைத்தொடர்பு ஆணையத்தோட அனுமதி வேணும். அனுமதி பெற்ற பட்டியல்ல போட்டிம் இருக்கு, ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் மாதிரி மீட்டிங் ஆப்களும் இருக்கு.

அண்ணன் ரூம்ல ஒருத்தர் விபிஎன் போட்டு வாட்ஸ்அப்ல பேசுவார். அண்ணனும் ரெண்டு மாசம் அதைத்தான் பண்ணிக்கிட்டு இருந்தான். "எல்லாரும் பண்றாங்கடா தம்பி, ஒண்ணும் ஆகாது" என்பான். அந்த நாட்டு 2021-ம் வருஷ சைபர் குற்றச் சட்டத்துல, ஐபி முகவரியை மறைச்சு ஒரு குற்றத்தைச் செஞ்சாலோ, செஞ்சதை மறைச்சாலோ 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம், இல்லைன்னா சிறை, ரெண்டும் கூட இருக்கலாம். அதைக் காட்டினேன். அவன் சம்பளத்தை அதுல வகுத்துப் பார்த்தோம். வருஷக்கணக்குல வந்துச்சு. அன்னைக்கே விபிஎன்னை எடுத்துட்டான். இலவசமா பேசறதுக்காக விசாவைப் பணயம் வைக்கிறது என்னைப் பொறுத்தவரைக்கும் மலிவு இல்லை.

இப்போ அண்ணனும் அம்மாவும் போட்டிம்ல பேசுறாங்க. அம்மா போன்லயும் அதே ஆப் இருக்கணும், அது ஒரு தடவை செட் பண்ணிக் கொடுக்கிற வேலை. துபாய் பக்கம் சிம்மைப் பொறுத்து இன்டர்நெட் காலிங் பேக் எடுக்கணுமான்னு அங்க இருக்கிற ஆபரேட்டர் ஆப்லயே பார்த்துக்கலாம். அதுக்கு காசு கட்டணும்னா, அதையும் மாசச் செலவுல சேர்த்துத்தான் ஒப்பிடணும்.

அந்த ராத்திரி

எல்லாம் செட் ஆயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தப்ப, ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்குன்னு சொல்லியிருக்கார். அம்மா முதல்ல கூப்பிட்டது அண்ணனை, ஆப்ல. நாலு தடவை. எடுக்கவே இல்லை. அவன் ரூம்ல அன்னைக்கு வைஃபை ரூட்டர் அவுட். டேட்டா தீர்ந்துடும்னு மொபைல் டேட்டாவையும் ஆஃப் பண்ணி வெச்சிருந்தான். அவன் போன் ஆன்ல, டவர் சிக்னல் முழுசா இருக்கு, தலைமாட்டுலயே இருக்கு. ஆனா ஆப் காலுக்கு அந்த போன் செத்த போன்.

அம்மா அடுத்து அவனோட துபாய் நம்பருக்கு நேரா டயல் பண்ணியிருக்காங்க. போதுமான பேலன்ஸ் இல்லைன்னு ரெக்கார்ட் வாய்ஸ். "மாசம் முன்னூறு ரூபாய் போடுறோமே, அன்லிமிடெட்னு சொன்னியேப்பா"ன்னு அப்புறம் என்கிட்ட கேட்டாங்க. அன்லிமிடெட் என்பது இந்தியாவுக்குள்ள மட்டும். ப்ரீபெய்டுல ஐஎஸ்டி போகணும்னா மெயின் பேலன்ஸ்ல டாக்டைம் இருக்கணும், இல்லைன்னா ஐஎஸ்டி பேக் போட்டிருக்கணும். டேட்டா பிளான் போடுற பலருக்கு மெயின் பேலன்ஸ் பூஜ்யமாத்தான் இருக்கும். உங்க வீட்டுலயும் அப்படித்தான் இருக்கும், ஒரு தடவை பார்த்துடுங்க.

கடைசியா எனக்கு போன் வந்துச்சு. பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஆட்டோவுல அப்பாவை ஏத்திட்டாங்க. நான் அண்ணனோட +971 நம்பருக்கு நேரா கூப்பிட்டேன். முதல் ரிங்லயே எடுத்தான். ரெண்டு நிமிஷம் பேசினோம். 24 ரூபாய். ஈசிஜி நார்மல், வாயுத் தொல்லைன்னு டாக்டர் சொன்னது விடியக்காலை ரெண்டு மணிக்கு. அந்த 24 ரூபாய்க்கு நான் யார்கிட்டயும் கணக்குக் கேட்கலை.

ஐஎஸ்டி கால் விலை அதிகம்தான். ஆனா எதிர்ப்பக்கம் டேட்டா தேவையில்லை, ஆப் தேவையில்லை, வைஃபை தேவையில்லை. டவர் இருந்தா அடிக்கும். ஆப் கால் பேசறதுக்கு, ஐஎஸ்டி எழுப்பறதுக்குன்னு நான் இப்போ பிரிச்சுப் பார்க்கிறேன்.

இப்போ எங்க வீட்டு ஏற்பாடு

அந்த ராத்திரிக்குப் பிறகு மூணு பேரும் உட்கார்ந்து பேசினோம். அப்போதான் ஒரு விஷயம் தெரிஞ்சுது. அண்ணனோட துபாய் பிளான்ல மாசம் 100 ஃப்ளெக்ஸி நிமிஷம் இருக்கு. உள்ளூருக்கும் பேசலாம், இந்தியாவுக்கும் பேசலாம். அவன் உள்ளூருக்கு மட்டும்னு நினைச்சு முப்பது நிமிஷம்தான் பயன்படுத்திக்கிட்டு இருந்தான். மீதி 70 நிமிஷம் மாசாமாசம் வீணாப் போயிருக்கு. காசு கட்டி வாங்கின நிமிஷம்!

இப்போ ஞாயிற்றுக்கிழமை துபாய் நேரம் ராத்திரி ஏழரைக்கு, நமக்கு ஒன்பது மணி, அண்ணன் அப்பாவோட பட்டன் போனுக்கு நேரா கூப்பிடுவான். வாரம் 15 நிமிஷம், மாசம் நாலு வாரம்னா 60. அஞ்சு ஞாயிறு வர்ற மாசத்துல 75 ஆகும், அப்போ கடைசி வாரம் பத்து நிமிஷத்துல முடிச்சுக்குவாங்க. கூடுதல் செலவு ஒண்ணும் இல்லை. இதுக்கு முன்னாடி அம்மா ஸ்மார்ட்போனை ஸ்பீக்கர்ல போட்டு அப்பா காதுக்கிட்ட பிடிப்பாங்க, எதிரொலியில ஒண்ணும் புரியாம அப்பா "சரி சரி"ன்னு மட்டும் சொல்லிட்டு எழுந்து போயிடுவார். இப்போ தனியா திண்ணையில உட்கார்ந்து பேசறார். என்ன பேசறாங்கன்னு எங்களுக்குத் தெரியாது.

அம்மாவும் அண்ணனும் மத்த நாள்ல போட்டிம். நானும் அதே. வைஃபை காலிங்கை நான் ஆஃப் பண்ணலை, ஃபிளாட்டுக்குள்ள உள்ளூர் கால் பேச அது வேணும். ஆனா காண்டாக்ட்ல அண்ணன் பேரை "அண்ணன் - காசு போகும்"னு மாத்தி சேவ் பண்ணி வெச்சிருக்கேன். சிரிக்காதீங்க. கை பழக்கத்துல டயல் பண்றதை நிறுத்த இதை விட நல்ல வழி எனக்குத் தெரியலை.

அம்மாவோட ப்ரீபெய்டுல 7 நாள் வேலிடிட்டி பேக்கை வருஷம் முழுக்க போட்டு வைக்கிறது முட்டாள்தனம். 99 ரூபாயை 52 வாரத்துக்குப் போட்டா 5,148. அதுக்குப் பதிலா 100 ரூபாய்க்கு ஒரு டாப்-அப் போட்டு மெயின் பேலன்ஸ்ல கொஞ்சம் டாக்டைம் விட்டு வெச்சிருக்கோம், ஐஎஸ்டி வசதி ஆன்ல இருக்கான்னு கஸ்டமர் கேர்ல கேட்டு உறுதி பண்ணிட்டோம். டாக்டைம் இருந்தும் ஐஎஸ்டி ஆஃப்ல இருந்தா பிரயோஜனம் இல்லை. அவசரம்னா அம்மா அண்ணன் நம்பருக்கு ரெண்டு ரிங் விட்டு கட் பண்ணுவாங்க. எடுக்காத காலுக்கு காசு இல்லை. அவன் திருப்பிக் கூப்பிடுவான். இதை ஒரு தடவை சும்மா செஞ்சும் பார்த்தோம், பகல்ல, அவசரம் இல்லாத நேரத்துல. அம்மாவுக்கு அந்த ஒத்திகை தேவைப்பட்டுச்சு.

இன்னொண்ணு சொல்லிடுறேன், இது காசு விஷயம் மட்டும் இல்லை. அண்ணன் ரூம்ல யாரோ சொன்னாங்கன்னு ஒரு தடவை "ரொம்ப சீப்பா இந்தியா பேசலாம்"னு ஒரு ஆப்ல இருந்து கூப்பிட்டான். அம்மா போன்ல +971 வரலை, ஏதோ ஒரு +91 நம்பர் வந்துச்சு. வெளிநாட்டுல இருந்து வர்ற கால் இந்திய நம்பரா காட்டினா, அது பெரும்பாலும் திருட்டு எக்ஸ்சேஞ்ச் வழியா வருதுன்னு அர்த்தம். இன்டர்நெட்ல கொண்டு வந்து, இங்க எங்கயோ ஒரு ரூம்ல அடுக்கி வெச்சிருக்கிற சிம்கள் வழியா உள்ளூர் கால் மாதிரி மாத்தி விடுவாங்க. அதனாலதான் விலை குறைவு. சட்டப்படி குற்றம். அதை விட எனக்குப் பயமா இருந்தது வேற: தெரியாத +91 நம்பர் வந்தா அது மகன்தான்னு அம்மா பழகிட்டா, நாளைக்கு "உங்க பையனை போலீஸ் பிடிச்சிருக்கு"ன்னு மோசடிக்காரன் கூப்பிட்டாலும் அதே நம்பிக்கையோட எடுப்பாங்க. அண்ணன்கிட்ட சொன்னோம், அந்த ஆப்பை அன்னைக்கே எடுத்துட்டான். இந்த மாதிரி கால் வந்தா 1963-லயோ, சஞ்சார் சாத்தி தளத்துலயோ புகார் கொடுக்கலாம்.

நீங்க உங்க வீட்டுக்கு இதைப் பொருத்தும்போது நாடு மாறினா விடை மாறும். சிங்கப்பூர்ல அக்கா இருந்தா வாட்ஸ்அப் தடையில்லாம போகும், ஆப் கால்லயே முடிஞ்சிடும். அமெரிக்கான்னா 39 ரூபாய் பேக் கூட பரவாயில்லை, பட்டன் போன் வெச்சிருக்கிற தாத்தாவுக்கு அங்கிருந்து கூப்பிடச் சொல்றது இன்னும் மலிவு. சவுதி, குவைத்னா ஐஎஸ்டி விலை துபாய் மாதிரியே வரும், ஆனா எந்த ஆப் வேலை செய்யும் என்பது நாட்டுக்கு நாடு வேற. அதை அங்க இருக்கிறவங்களையே டயல் பண்ணிப் பார்க்கச் சொல்லுங்க. அவங்க பிளான்ல இந்தியாவுக்குப் பேசற நிமிஷம் ஏற்கனவே இருக்கான்னும் கையோட பார்த்துடச் சொல்லுங்க. எங்க அண்ணன் அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை வருஷம் ஆச்சு.